குளத்துக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள்: நம் ஊர்க் குளம் சீரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. "வேலை முழுதும் முடிந்த பிறகு மொத்தக் கணக்கையும் வைப்போம். அதுவரை யாரும் தனித்தனியாக வந்து கேட்க வேண்டாம்" என்று செயலாளர் வாசித்தார். அதைக் கேட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றவர்களில் நானும் ஒருவன். அங்கேயே பேசியிருக்கலாம். ஆனால் முதல் நாள் இரவு ஒருவர் குடித்துவிட்டு வந்து பொருளாளர் வீட்டு வாசலில் கத்திய சூடு யாருக்கும் அப்போது ஆறவில்லை. நான் ஏதாவது சொல்லியிருந்தால் அவரோடு சேர்த்து என்னையும் எண்ணியிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பேராவூரணி சுற்று வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து என்று மொய் எழுதுகிறவன். குளத்து வசூலில் நான்காம் எண் ரசீதுப் புத்தகம், அதாவது 151 முதல் 200 வரை, என் கையில் இருக்கிறது. கீழத்தெருவும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு சந்தும் என் பொறுப்பு. இந்த இரண்டு வேலையிலிருந்தும் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் இங்கே சொல்கிறேன்.

பொங்கல் முடிந்து முதல் சுற்றில் 37 வீட்டுக்குப் போனேன். 31 வீட்டில் கொடுத்தார்கள். பங்குனியில் இரண்டாம் சுற்று போனேன். புதிதாக 20 வீடு. கொடுத்தது மூன்று. அதே ஊர், அதே குளம், கேட்டதும் அதே ஆள். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். பங்குனி முதல் வாரம் மைக் கட்டிய ஆட்டோவிலும் வாட்ஸ்அப்பிலும் நீங்கள் "வசூல் 10 லட்சத்தைத் தாண்டியது" என்று அறிவித்தீர்கள்.

அந்தப் பத்து லட்சத்தைப் பற்றிக் கேட்கத்தான் நான் பொருளாளர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு மச்சான் முறை. கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார வைத்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் நானே கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் குறையவில்லை. அதை முதலில் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். பணத்தை யாரும் தொடவில்லை. ஆனால் அறிவித்த அன்றைக்குக் கையில் வந்திருந்தது 6,42,500 ரூபாய். மீதி 3,85,000 "தருகிறேன்" என்று சொன்னவர்களின் கணக்கு. அதில் பெரும்பங்கு சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் போனில் சொன்னது. இரண்டையும் கூட்டினால் 10,27,500 வருகிறது. அதைத்தான் "வசூல்" என்று சொல்லிவிட்டீர்கள்.

இந்தத் தொகைகளை இங்கே எழுத எனக்கு உரிமை உண்டா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கொடுத்தவர்களுடைய காசு, அவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். பொருளாளரிடமும் சொல்லிவிட்டேன்.

மொய் எழுதும்போது ஒருவர் வந்து, "ஐயாயிரம்னு போட்டு வைங்க, நாளைக்குத் தந்துடுறேன்" என்பார். சொந்தக்காரராக இருப்பார், பெரிய மனுஷராகவும் இருப்பார். ஆனாலும் எழுத மாட்டோம். தட்டில் பணம் விழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பேனா நோட்டில் படும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கூட்டுப் போட்டு, அதை அடுத்த பக்கத்துத் தலையில் எழுதிக்கொண்டு போவோம். விருந்து முடிந்ததும் நோட்டுக் கூட்டும் பெட்டிப் பணமும் ஒத்துப்போகும் வரை யாரும் எழுந்திருக்க முடியாது. இப்படித்தான் ஒரே நாளில் பல லட்சம் கைமாறுகிற மொய் விருந்துகளை எந்தப் பத்திரமும் இல்லாமல் இந்தப் பக்கத்து ஜனங்கள் நடத்துகிறார்கள். சொன்னதையும் வந்ததையும் ஒரே கூட்டில் போடுகிற பழக்கம் நம்மிடம் இருந்ததே இல்லை. குளத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

உங்கள் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நிறைய வந்துவிட்டது என்று தெரிந்தால் தயங்குகிறவனும் கொடுப்பான் என்று நினைத்தீர்கள். அது தப்பான நினைப்பும் கிடையாது. திருச்சியில் கல்லூரியில் வேலை பார்க்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க நன்கொடை கேட்டு மூவாயிரம் வீடுகளுக்குக் கடிதம் போட்டார்களாம். முடிவு 2002-ல் வெளிவந்தது. சில கடிதங்களில் தேவையான பணத்தில் நூற்றுக்குப் பத்து பங்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றும், சிலவற்றில் அறுபத்தேழு பங்கு வந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அறுபத்தேழு என்று படித்தவர்கள் கொடுத்தது, பத்து என்று படித்தவர்கள் கொடுத்ததைப் போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நம் மதிப்பீடு 16 லட்சம். நீங்கள் அறிவித்த பத்தேகால் லட்சம் அதில் அறுபத்து நாலு பங்கு. அப்படியானால் நமக்கும் கொட்டியிருக்க வேண்டும் இல்லையா? எட்டு வாரத்தில் வந்தது 41,000 ரூபாய்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அங்கே கடிதம் வாங்கியவர்கள் யாரும் கம்ப்யூட்டர் அறையை எட்டிப் பார்க்கவில்லை. இங்கே குளம் நம் வீட்டு வாசலில் கிடக்கிறது.

துபாயில் இருக்கிற ஒரு பையன் பத்தாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தி அவனுக்கும் போகிறது. படத்தில் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவன் அதைப் பார்த்துப் பணம் அனுப்புவதில்லை. வார லீவில் அம்மாவுக்குப் போன் போடுகிறான். "குளத்துல வேலை நடக்குதாம்மா?" என்று கேட்கிறான். அந்த அம்மா சொல்வதுதான் அவனுக்குச் செய்தி. பங்குனி முழுக்க அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்? "பத்து லட்சம் வந்துருச்சாம்ப்பா. ஒரு மிஷினையும் காணோம்." தாசில்தார் அனுமதிக்காக மனுக் கொடுத்துவிட்டு நீங்கள் நடையாய் நடந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சித்திரை 5-ல் இரண்டு ஹிட்டாச்சி இறங்கியது. பதின்மூன்று நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒன்றில் செயின் அறுந்தது. மற்றொன்றை அதன் உரிமையாளர் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றோடு ஒன்பது நாளாக ஒற்றை மிஷின் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போது அந்த அம்மா என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் வராமல் கிடப்பது இதனால்தான். சொன்னவர்களில் ஏழு பேர் வீட்டுக்கு நான் போய்ப் பேசினேன். ஐந்து வீட்டில், "பையன் அனுப்ப ரெடியா இருக்கான், நாங்கதான் பொறுன்னு சொல்லியிருக்கோம்" என்றார்கள்.

இதற்கு நடுவில் வண்டல் பேச்சு வேறு. அனுமதி வாங்கி, சிட்டா கொடுத்த விவசாயிகள்தான் டிராக்டரில் வண்டல் ஏற்றிப் போனார்கள் என்பது குழுவுக்குத் தெரியும். எத்தனை நடை போனது, யார் வயலுக்குப் போனது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த நோட்டு செயலாளர் வண்டியின் பெட்டிக்குள் இருக்கிறது. டீக்கடையில் "செங்கல் சூளைக்கு வித்துட்டாங்க" என்ற பேச்சு மூன்று நாளில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பூட்டி வைத்த நோட்டு உண்மையாகவே இருந்தாலும் அதைக் காட்டி அந்தப் பேச்சை இனி நிறுத்த முடியாது. அன்றன்றைக்கு எழுதித் தொங்கவிட்டிருந்தால் பேச்சே கிளம்பியிருக்காது.

கீழத்தெரு மூலை வீட்டில் நாற்று நடப் போகிற ஒரு அப்பத்தா இருக்கிறார். முதல் சுற்றில் முந்தானையை அவிழ்த்து இருநூறு ரூபாய் கொடுத்தார். ரசீது எண் 163. பங்குனியில் அவர் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, "தம்பி, என் இருநூறு எங்க கிடக்கு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டியை எங்கே கட்டினாய் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஹிட்டாச்சி வாடகை மணிக்கு 1,400. அப்பத்தாவின் இருநூறுக்கு ஒரு மிஷின் எட்டரை நிமிடம் ஓடியிருக்கிறது. அவ்வளவு நேரத்தில் எத்தனை வாளி மண் வரும் என்று கரையில் உட்கார்ந்து எண்ணியும் பார்த்துவிடலாம். "குளத்தின் வடக்கு மூலையில் கிடக்கிறது, வந்து பாருங்கள்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் பத்து வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். கீழத்தெருவில் அந்த அப்பத்தாவின் வாய்க்கு இருக்கிற மதிப்பு எந்த ஃபிளெக்ஸுக்கும் கிடையாது.

ஃபிளெக்ஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபிளெக்ஸ், போஸ்டர், மைக் ஆட்டோ எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய். மதிப்பீட்டில் இந்தச் செலவே கிடையாது. கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேர மிஷின் வாடகை. அதில் சிரிக்கிற முகங்களில் இரண்டு பேர் இன்னும் தங்கள் பங்கைக் கொடுக்கவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. கேட்கப் போகிறவர் முதலில் தான் கொடுத்திருக்க வேண்டும், தன் ரசீதைக் காட்ட முடிய வேண்டும். இதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். என் ரசீது எண் 151.

மைக் ஆட்டோ வரும் வரை மேலத்தெருவில் வசூல் நின்றதே இல்லை, கவனித்தீர்களா? அங்கே போனவர் மகளிர் குழுவின் தலைவி. வாரம் ஒரு நாள் பத்துப் பதினைந்து பெண்களை உட்கார வைத்து, யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, கையிருப்பு எவ்வளவு என்று வாசித்துக் கையெழுத்து வாங்கிப் பழகியவர். அதே பழக்கத்தில் குளத்து வசூலையும் வாரா வாரம் தன் தெருவில் வாசித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மைக் ஆட்டோ வந்ததும் அவருடைய புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள், "இனி குழுவே பார்த்துக்கொள்ளும்" என்று. குழு செய்த தவறுகளில் எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

இன்னொருவர் நம் வாய்க்கால் லஸ்கர். மேட்டூரில் 120 அடி நிறைந்திருந்தாலும் கல்லணைக் கால்வாயின் இந்தக் கடைசி வாலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கடைமடைக்காரன் கேட்பது அவரிடம்தான். பேப்பரில் வந்ததை விட அவர் சொன்னதை நம்பித்தான் நாற்றங்கால் போடுகிறோம். வரத்து வாய்க்கால் சரியானால் எத்தனை நாளில் குளம் நிறையும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தெற்கு வெளி விவசாயிகள் அத்தனை பேரும் கேட்பார்கள். அவரிடம் பணம் வசூலிக்கச் சொல்லக் கூடாது, அரசு ஊழியர். வந்து பார்த்துத் தன் கருத்தைச் சொல்லச் சொல்லுங்கள், போதும்.

சரி, வேலையைப் பகுத்துச் சொல்வது எப்படி என்பதற்கு வருகிறேன். "இன்னும் 9,16,500 வேண்டும்" என்பதுதான் இன்றைக்கு உண்மை. இதை ஒரு கூலிக்காரரிடம் சொன்னால் தன் முந்நூறு கடலில் கரைத்த பெருங்காயம் என்றுதான் அவருக்குத் தோன்றும். எந்த வசூலிலும் தொடக்கத்தில் ஒரு வேகம் இருக்கும். முடிவு கண்ணுக்குத் தெரிந்தால் மறுபடி ஒரு வேகம் வரும். நடுவில்தான் காய்ந்து போகும். நாம் இப்போது நடுவில் நிற்கிறோம். நடுவைச் சின்னச் சின்ன முடிவுகளாக வெட்டிக் காட்டுவதுதான் வழி.

நம் மதிப்பீட்டில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அகற்ற 1,40,000. தூர்வாரிக் கரை போட 9,60,000. மதகுக்கும் வரத்து வாய்க்காலுக்கும் 3,50,000. படித்துறைக்கு 1,50,000. இதில் தூர்வாரும் வேலையை எட்டுப் பாகமாகப் பிரியுங்கள். கரையில் எட்டு மூங்கில் நட்டுச் சுண்ணாம்பு பூசினால் போதும். ஒரு பாகத்துக்கு 1,20,000. இதுவரை மிஷினுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு 28,000 வீதம் பதின்மூன்று நாளுக்கு 3,64,000. வேலையும் சரியாக மூன்றாவது பாகத்தின் எல்லையில்தான் நிற்கிறது. நான் நடந்து பார்த்தேன். காட்டாமணக்கு வேலை 1,32,000-ல் முடிந்து எட்டாயிரம் மிச்சம். மொத்தம் வந்தது 6,83,500, செலவு ஃபிளெக்ஸோடு சேர்த்து 5,14,600, கையிருப்பு 1,68,900.

அதாவது நான்காம் பாகத்துக்குப் பணம் இன்றைக்கே இருக்கிறது. அதை முடித்தால் 48,900 மிஞ்சும். ஐந்தாம் பாகத்துக்கு வேண்டியது 71,100 ரூபாய். ஊரிடம் கேட்க வேண்டிய தொகை இதுதான். எழுபத்தோராயிரத்து நூறு வந்தால் குளத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். மூங்கிலைப் பார்த்தே அந்தத் துபாய்ப் பையனின் அம்மா "நாலு முடிஞ்சிருச்சு, அஞ்சுக்குக் கொஞ்சம்தான் பாக்கி" என்று சொல்லிவிடுவார். ஒரு பாகம் முடிந்ததும் செய்தி போடுங்கள், அன்று மாலையே. நடுவில் தினமும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் மிஷின் நின்றால் மட்டும் பாகம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. செயின் அறுந்த அன்று ராத்திரியே "செயின் அறுந்தது, உதிரி பாகம் திருச்சியிலிருந்து வர வேண்டும், நின்ற நாளுக்கு வாடகை கிடையாது" என்று மூன்று வரி எழுதியிருந்தால் இந்த ஒன்பது நாள் பேச்சு வந்திருக்காது. கெட்ட செய்தியை நாமே முதலில் சொன்னால்தான் அடுத்து நாம் சொல்லும் நல்ல செய்தியை நம்புவார்கள்.

எல்லாச் செய்தியிலும் தேதி போடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் ஊருக்குப் பால் பவுடரும் தார்ப்பாயும் வேண்டும் என்று போட்ட செய்தி, மூன்று வாரம் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் நமக்கு வேண்டியது கூரைக்குப் போட ஓடும், விழுந்த தென்னையை அறுக்க மிஷினும். தேதி இல்லாததால் வந்தவர்கள் மறுபடி பால் பவுடரோடு வந்தார்கள். குளத்துக்கு நீங்கள் போட்ட "10 லட்சம்" செய்தியும் தேதி இல்லாமல் இன்னும் சுற்றுகிறது. போன வாரம்கூட மலேசியாவிலிருந்து ஒருவர் எனக்கு அனுப்பி, "இதுக்கு மேலயும் வேணுமா?" என்று கேட்டார்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் யோசித்தீர்களா என்று தெரியவில்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி மூலமாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இதே தெருவில் பிறந்தவராக இருந்தாலும், ஊர்க் குழுவுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ நம் குழுவுக்குக் கிடையாது. சொன்னவர் பட்டியலை எடுத்து யார் எந்தப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். குடியுரிமை மாறியவர்களிடம் "மன்னிக்கவும், இப்போதைக்கு வாங்க முடியாது" என்று சொல்லி, ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். 3,85,000-ல் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கியூஆர் கோடு பொருளாளர் மகனின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அவன் நல்ல பையன். ஆனால் அவனுடைய பைக் தவணையும் குளத்துப் பணமும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் வருகிறது. அதை எப்படி வெளியே காட்டுவது? காட்ட முடியாத கணக்கில் ஊர்ப் பணம் இருக்கக் கூடாது.

பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மொய்யில் பெயர் எழுதுவது திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக. குளத்துப் பணத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. பெயரையும் தொகையையும் சேர்த்துத் தொங்கவிட்டால் இருநூறு கொடுத்தவர் குனிந்துகொண்டு நடப்பார், அடுத்த முறை கொடுக்கவே மாட்டார். ரசீது எண்ணும் தொகையும் மட்டும் எழுதினால் போதும். 163 என்று பார்த்தால் அப்பத்தா தன் பணம் ஏறிவிட்டதென்று தெரிந்துகொள்வார், வேறு யாருக்கும் தெரியாது. எண் வரிசையாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நடுவில் ஒரு எண் விட்டுப் போனால் ஊரே கேட்கும். கிழிந்த ரசீதாக இருந்தால் "ரத்து" என்று எழுதி, அடிக்கட்டையோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். நான் முதல் சுற்றில் 31 வீட்டு ரசீதின் அடிக்கட்டையையும் எண் விடாமல் ஒப்படைத்தேன். மற்ற புத்தகங்களில் அடிக்கட்டை இன்னும் வந்து சேரவில்லை என்று பொருளாளரே சொன்னார்.

நான் கேட்பது இவைதான்.

ஞாயிற்றுக்கிழமை முடிவைத் திரும்பப் பெறுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பால் சொசைட்டிச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் இடத்துக்கொரு கரும்பலகை மாட்டி, வாரா வாரம் வெள்ளி காலையில் எழுதுங்கள். வெள்ளி என்று சொல்வது வார லீவில் வளைகுடாவிலிருந்து போன் வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதால்தான். முதல் வாரப் பலகை இப்படி இருந்தால் போதும்:

கையில் வந்தது: 6,83,500
செலவு: 5,14,600
கையிருப்பு: 1,68,900
தருவதாகச் சொன்னது, இன்னும் வராதது: 3,85,000 (மேலே சேர்க்கவில்லை)
முடிந்தது: மூன்று பாகம். அடுத்து: நான்காம் பாகம், பணம் இருக்கிறது
ஐந்தாம் பாகத்துக்கு வேண்டியது: 71,100
வண்டல்: இதுவரை போன நடை, நோட்டு இங்கே தொங்குகிறது
தேதி, சரிபார்த்தவர் கையெழுத்து

சொன்னதில் எதுவும் வந்து சேர்ந்தால் அதை அந்த வரியிலிருந்து கழித்து முதல் வரியில் ஏற்றுங்கள். சரிபார்க்கிறவர்கள் குழுவுக்கு வெளியே இருந்து தெருவுக்கு ஒருவராக இருக்கட்டும். காலனியிலிருந்தும் ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கேயும் கொடுத்திருக்கிறார்கள், மண்டபத்துக் கூட்டத்துக்கு மட்டும் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லா அடிக்கட்டைகளையும் ஒரே இடத்தில் வைத்து, அவற்றின் கூட்டும் வங்கியிலும் கையிலும் இருப்பதோடு செலவையும் சேர்த்த கூட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தனிக் கணக்கு தொடங்கி, கியூஆர் கோடை அதற்கு மாற்றுங்கள். "10 லட்சம்" அறிவிப்பு தவறு, கையில் வந்தது இவ்வளவுதான் என்று தேதி போட்டு ஒரு திருத்தம் அனுப்புங்கள், அதே மைக்கில் ஒரு முறை சொல்லவும் செய்யுங்கள். மேலத்தெருத் தலைவியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், போய்க் கேட்டு வாங்க வைக்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். இனி ஃபிளெக்ஸ் வேண்டாம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நமக்கு மிச்சமிருப்பது ஒரு மாதம். மீதி ஐந்து பாகத்துக்கு இரண்டு மிஷினும் ஓடினால் இருபத்தோரு நாள் ஆகும். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் குளம் பாதியில் நிற்க, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த கோடைதான்.

என் புத்தகத்தில் இன்னும் 16 ரசீது பாக்கி இருக்கிறது. பலகை ஏறுகிற வரை அதில் ஒன்றையும் கிழிக்க மாட்டேன். ஏறிய அன்று மாலையே முதலில் போகப் போவது, பையனைப் பொறுக்கச் சொல்லியிருக்கிற அந்த ஐந்து வீட்டுக்கு.

இப்படிக்கு,
ரசீதுப் புத்தகம் எண் 4 வைத்திருப்பவன்,
கீழத்தெரு